பதவிப்பெயரின் விலை

சென்ற மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். அத்துடன் உதவித்தொகையும் நின்றது. ஹைதராபாத்தில் அறை வாடகை, வீட்டுக்கு அனுப்பும் தொகை, முதுகலைக் காலத்துக் கல்விக் கடனின் தவணை ஆகிய மூன்றும் நிற்கவில்லை. பல்கலைக்கழகப் பணியிட அறிவிப்புக்காகக் காத்திருக்க வழியில்லாததால், பெங்களூரில் பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் மொழியியலாளர் பணிக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல்கள் முடிந்தபின் ரெக்ரூட்டர் தொலைபேசியில் அழைத்து, ஆண்டுக்கு 14 இலட்சம் சி.டி.சி. என்றார். நான் 17 கேட்டேன். இந்த இடத்துக்கு ஒதுக்கிய தொகை அவ்வளவுதான், அதற்குமேல் தம் கையில் ஏதுமில்லை என்றார் அவர். அவர் பேசிய விதத்தில் அது பேரத்துக்கான பாவனையாகத் தோன்றவில்லை.

அப்போதுதான் கேட்டேன்: "ஊதியம் உயராதெனில், பதவிப்பெயரையேனும் சீனியர் லிங்விஸ்ட் என்று தர இயலுமா?"

கேட்டவுடன் கூச்சமாக இருந்தது. நம் உலகில் பெயரும் பணமும் சேர்ந்தே வருவன. இரண்டாண்டு முடிந்து, குழுவின்முன் ஆய்வின் முன்னேற்றத்தைக் காட்டினால் ஜே.ஆர்.எஃப். எஸ்.ஆர்.எஃப். ஆகிறது, 37,000 ரூபாய் 42,000 ஆகிறது. பணமின்றிப் பெயரை மட்டும் கேட்பது வெறும் பட்டத்துக்கு ஆசைப்படுவதாகப் படுமோ என்று அஞ்சினேன். ஆனால் அவர் அதை இயல்பான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, "நீங்கள் கேட்பது கடிதத்தில் வரும் பெயரையா, கிரேடையா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டும் வெவ்வேறு என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதன்பின் அவர் பொறுமையாக விளக்கியதையும் நானே கணக்கிட்டுப் பார்த்ததையும், ஆய்வை முடிக்கும் தறுவாயில் உள்ள நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு பணியிடமும் ஒரு கிரேடில் ஒப்புதல் பெறுகிறது. ஒவ்வொரு கிரேடுக்கும் ஓர் ஊதிய எல்லை உண்டு. எனக்குரிய கிரேடின் எல்லை 9 முதல் 15 இலட்சம். அதற்கு அடுத்த சீனியர் கிரேடின் எல்லை 13 முதல் 20 இலட்சம். இரண்டும் 13-க்கும் 15-க்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனக்குச் சொன்ன 14 இலட்சம் அந்த இடைவெளியில்தான் இருந்தது. ஆகவே ஒரு ரூபாயும் கூட்டாமல் என்னை மேல் கிரேடில் அமர்த்த விதி இடம் தந்தது. தொகை 11 இலட்சமாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே வாய்ப்பிருந்திராது. மேல் கிரேடின் குறைந்த அளவைக்கூட அது எட்டாது. எனவே இப்படிக் கேட்க நினைப்பவர்கள் தொகை அடுத்த கிரேடின் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ரெக்ரூட்டரிடம் நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே தொகை இரு கிரேடுகளில் ஒரே பொருள் தருவதில்லை. கீழ் கிரேடில் 14 இலட்சம் என்பது உச்சவரம்புக்கு அருகில். அடுத்த ஆண்டு பத்து விழுக்காடு உயர்வு கிடைத்தால் 15.4 இலட்சம், வரம்பைத் தாண்டிவிடுகிறது. எனவே உயர்வு சுருங்கும், அல்லது பதவி உயர்வுக்குக் காத்திருக்க நேரும். மேல் கிரேடில் அதே தொகைக்கு மேலே 6 இலட்சம் அளவுக்கு இடமிருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. கீழ் கிரேடில் சி.டி.சி.யில் 10 விழுக்காடு வேரியபிள், அதாவது ஆண்டு மதிப்பீட்டைப் பொறுத்துக் கிடைக்கும் பகுதி. மேல் கிரேடில் அது 15 விழுக்காடு. ஆகவே உறுதியாக வரும் ஊதியம் 12.6 இலட்சத்திலிருந்து 11.9 இலட்சமாகக் குறைகிறது. ஆண்டுக்கு 70,000, மாதத்துக்கு ஏறத்தாழ 5,800 ரூபாய். என் கடன் தவணையில் பெரும்பகுதி. மதிப்பீடு நன்றாக இருந்தால் ஆண்டிறுதியில் அது திரும்பும். ஆனால் அம்மதிப்பீட்டில் என்னை ஏழெட்டு ஆண்டு அனுபவமுள்ள சீனியர்களோடு ஒப்பிடுவார்கள். விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலமும் இரண்டு மாதத்திலிருந்து மூன்றாகிறது.

கிரேடை மாற்றாமல் கடிதத்தில் மட்டும் சீனியர் என்று எழுதித் தருவது எளிய வழி. மேலாளர் ஒப்பினால் போதும் என்றார். அதை நான் விரும்பவில்லை. நாளை வேறு நிறுவனத்துக்குச் செல்லும்போது பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். இங்குள்ள மனிதவளத் துறை தன் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் உறுதிசெய்யும். கடிதத்தில் ஒன்று, பதிவேட்டில் வேறொன்று என்றால், பொய் சொன்னவராக நாம் தோன்றுவோம்.

கிரேடை மாற்ற ரெக்ரூட்டரால் ஆகாது. மேலாளர் காரணம் எழுதி, ஊதியக் குழு ஏற்க வேண்டும். அந்தக் காரணத்தை நாம்தான் தர வேண்டியிருக்கிறது. அவர்கள் கணக்கில் முனைவர் பட்ட ஆண்டுகள் அனுபவமல்ல. ஆய்வுக்கு முன் வேலை பார்த்த இரண்டாண்டுதான் என் அனுபவம். எனவே பட்டத்தைப் பற்றி எழுதாமல், பணியைப் பற்றி அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன்: களத்தில் பதிவுசெய்த பேச்சுக்குக் குறியிடும் நெறிமுறையை நானே வகுத்தது, மூன்று உதவியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது, இருவர் ஒரே சொல்லை வெவ்வேறாகக் குறித்த இடங்களைத் தொகுத்துத் தீர்த்து நெறிமுறையைத் திருத்தியது. நேர்காணலில் அவர்கள் விவரித்த பணியும் இதுவே. எழுத்து வடிவில் ஆஃபர் வருவதற்கு முன் அனுப்பியது நல்லதாயிற்று. வந்தபின் எனில் ஒப்புதல் முழுவதும் மறுபடி தொடங்கியிருக்கும் என்று பின்னர் சொன்னார்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மேல் கிரேடு, அதே 14 இலட்சம். ஏற்றுக்கொண்டேன்.

சரியான முடிவுதானா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். ஓராண்டில் விலகினால் மேலே உள்ள 6 இலட்ச இடம் எனக்குப் பயன்படாது. அடுத்த நிறுவனம் பழைய சி.டி.சி.யின்மேல் இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால் பதவிப்பெயர் ஒன்றும் செய்யாது. இரண்டாண்டு அனுபவத்துக்கு எப்படி சீனியர் என்று ஒருவர் ஐயுறவும் கூடும். அப்போது அந்த அரைப்பக்கம்தான் துணை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இலத்தீனில் சீனியர் என்பது ஒப்பீட்டு வடிவம். யாரைவிட மூத்தவர் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. அதே குழுவில் தெலுங்குக்கு என்னையொத்த பணி செய்பவர் கீழ் கிரேடில் இருக்கிறார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்தில் அறிந்தேன். அவரும் முனைவர் பட்டம் பெற்றவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் கேட்கவில்லை, கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் எழுதிய அரைப்பக்கத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஏப்ரலில் அவருடைய ஆண்டு மதிப்பீடு வருகிறது.