மூணு மாசமா ஓடர் பண்ணாத சாச்சிக்கு என்ன எழுதுவது?

வீட்டில் இருந்து கேக், அபாயா, தூள் வகை என்று விற்கும் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறோம். இதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ராத்தா மிளகாய்த்தூள், கறித்தூள், குரக்கன் மா, பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சரக்குத்தூள் செய்து விற்கிறார். கணக்கும் பேஜும் பாடசாலை விட்டு வந்த பிறகு எங்கள் கையில். சாமான் விலை ஏறிய 2022 க்குப் பிறகு பழைய கஸ்டமர் பலர் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். போன நோன்புக்கு முன்னர் அவர்களைத் திரும்ப எடுக்க நினைத்து, போனில் இருந்த 164 நம்பருக்கும் வட்ஸ்அப் புரோட்காஸ்டில் ஒரே மெசேஜைத் தட்டிவிட்டோம். "உங்களை மிஸ் பண்றோம்! இந்தக் கிழமை மட்டும் 20% கழிவு." இரண்டு சிரிக்கும் முகமும் போட்டிருந்தோம்.

முதலில் வந்த பதில் ஒரு ஹாஜியாருடையது. மனைவிக்கு சீனி வருத்தம் என்று மாதாமாதம் எங்களிடம் குரக்கன் மா எடுத்தவர். "அவ மவுத்தாகி மூணு மாசம் மகன்" என்று மட்டும் எழுதியிருந்தார். எங்கள் மெசேஜ் மேலே, அவருடைய பதில் கீழே. அந்தச் சிரிக்கும் முகங்களை அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. போன் எடுத்துப் பேசினோம். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மற்றக் கணக்கும் நல்லதில்லை. புரோட்காஸ்டில் போகும் மெசேஜ், எங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் பண்ணியிருப்பவருக்கு மட்டும்தான் கிடைக்கும். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்துத் தகவலைப் பார்த்தால் யார் யாருக்குப் போனது என்று பெயர் பெயராகக் காட்டும். நாங்கள் பார்த்தபோது 71 பேர். ஓடர் வந்தது ஆறு. அதில் நாலு பேர் எப்படியும் அந்தக் கிழமை எடுக்க இருந்த வழக்கமான ஆட்கள். கிலோவுக்கு எங்களுக்கு மிஞ்சுவதே 20% க்குக் கொஞ்சம் மேல். அந்த நாலு பேருக்கும் சும்மா அரைத்துக் கொடுத்த மாதிரி ஆனது.

ராத்தாதான் கேட்டார்: "ஒரு பிள்ளை இஸ்கூலுக்கு வராட்டி நீங்க முழு வகுப்புக்குமா கடிதம் குடுப்பீங்க?"

இல்லை. இடாப்பைப் பார்ப்போம், எத்தனை நாளாக வரவில்லை என்று எண்ணுவோம், பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டைக் கேட்போம். அப்படியே ஓடர் கொப்பி இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக்க இருந்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு இடைவெளி இருக்கிறது. ஒரு கிலோ மிளகாய்த்தூள் சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு மூன்று மாதம். அதனால் எல்லோருக்கும் ஒரே திகதி வைத்து "நின்றவர்" என்று சொல்ல முடியாது. அவரவர் வழக்கமான இடைவெளியைப் போல இரண்டு மடங்கு போயும் வராதவரை மட்டும் எழுதினோம். 38 பெயர் வந்தது.

அதில் 14 பேர் சரக்குத்தூள் எடுத்தவர்கள். நாற்பது முடிந்தது, தேவை முடிந்தது. அவர்கள் எங்களை விட்டுப் போகவே இல்லை. அவர்களை வெட்டினோம். ஒன்பது பேருடைய கடைசி ஓடருக்குப் பக்கத்தில் ராத்தாவின் எழுத்தில் "கட்டி", "காரம் இல்ல", "லேட்" என்று ஏதோ ஒன்று இருந்தது. மிச்சம் 15 பேர் காரணம் தெரியாமல் நின்றவர்கள்.

இனி நம்பர் விஷயம். கஸ்டமர் எங்களுக்கு நம்பர் தருவது சாமான் வீட்டுக்கு வருவதற்கு. விளம்பரம் அனுப்பச் சொல்லி அல்ல. இது தெரிந்துதான் ராத்தா ஆரம்பத்திலேயே பக்கற்றுக்குள் ஒரு துண்டு போடுவார்: "புதுத்தூள் அரைக்கும் நாள் தெரிய விருப்பமென்றால் இந்த நம்பரை சேவ் பண்ணி ஓம் என்று அனுப்புங்க." ஓம் சொன்னவர்கள் 61 பேர். அந்த லிஸ்ட் கையில் இருக்கும்போதுதான் நாங்கள் 164 பேருக்கும் அனுப்பினோம்! 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படியான மெசேஜுக்குச் சம்மதம் வேண்டும், வேண்டாமென்று சொல்ல வழி காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பேஸ்புக் பேஜ் வழியாக என்றால், ஒருவர் கடைசியாக எழுதி 24 மணித்தியாலம் போனபின் அவருக்கு விளம்பர மெசேஜ் அனுப்பப் பொதுவாக அனுமதியில்லை. பலர் புளொக், ரிப்போர்ட் பண்ணினால் வட்ஸ்அப் அந்த நம்பரையே நிறுத்தவும் கூடும். ஓடர் வருகிற நம்பரும் அதுதான்.

15 பேரில் பத்துப் பேர் ஓம் லிஸ்டில் இருந்தார்கள். மற்ற ஐந்து பேரைச் சும்மா விட்டோம்.

குறை சொன்ன ஒன்பது பேருக்கும் விற்கிற மெசேஜ் ஒன்றும் போகவில்லை. தனித்தனியாக, அவர்களுடைய ஓடரைப் பற்றியே எழுதினோம். ஒன்று இப்படி: "சாச்சி, நவம்பர்ல தந்த தூள்ல கட்டி இருந்ததெண்டு சொன்னீங்க. நாங்க ஒழுங்கா பதில் சொல்லல்ல. மழைக்குள்ள மிளகாய் சரியாக் காயல்ல, அது எங்கட பிழை. இப்ப வெயில்ல ரெண்டு நாள் கூடக் காய வெச்சுத்தான் அரைக்கிறோம். விருப்பமெண்டா கால் கிலோ அனுப்புறோம், காசு வேணாம். வேணாமெண்டாலும் பரவாயில்ல." ஐந்து பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் திரும்ப வாங்கினார்கள். ஒருவர், "இப்ப நான் வேற இடத்துல எடுக்கிறன், ஆனா கேட்டதுக்கு சந்தோசம்" என்றார். அதுவும் சரிதான்.

பத்துப் பேருக்குப் போனதில் கழிவு பற்றிப் பேச்சே இல்லை. கடைசியாக எடுத்த சாமானையும் மாதத்தையும் சொல்லி, ஒரு கேள்வி: "தூள்ல ஏதும் குறை இருந்ததா, இல்ல இப்ப தேவையில்லையா? மெசேஜ் வேணாமெண்டா 'வேணாம்' எண்டு போடுங்க, நிப்பாட்டுறோம்." ஒவ்வொன்றையும் அனுப்ப முன் அந்த வீட்டில் மவுத்து, வருத்தம், வெளிநாட்டுப் பயணம் ஏதும் நடந்ததா என்று ராத்தாவிடமும் உம்மாவிடமும் கேட்டோம். ஊருக்குள் விற்பவர்களுக்கு இருக்கும் வசதி இது. பெரிய கொம்பனிக்குக் கிடைக்காது.

நாலு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒரு மாமி எழுதியது எங்கள் வியாபாரத்தையே கொஞ்சம் மாற்றியது. மகன்மார் இரண்டு பேரும் கட்டாருக்குப் போய்விட்டார்கள், வீட்டில் இரண்டு பேர்தான், ஒரு கிலோ எடுத்தால் வாசம் போய்விடுகிறது, "கால் கிலோ கேக்க வெக்கமா இருந்திச்சி" என்றார். நாங்கள் அரைக் கிலோவுக்குக் கீழே பக்கற் போடுவதே இல்லை. அடுத்த கிழமை 250 கிராம் பக்கற் போட்டோம். அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர் திரும்ப வந்ததும் அதை வாங்கத்தான்.

திரும்ப வந்த ஆறு பேரையும் உடனே வெற்றி என்று எண்ணவில்லை. முதல் ஓடரைக் கழிவுக்காகவோ, முகத்துக்காகவோ செய்வார்கள். இரண்டாவது ஓடர் வந்தால்தான் திரும்பி வந்தவர். இரண்டு மாதம் பார்த்தோம். நாலு பேர் இரண்டாவது தடவையும் எடுத்தார்கள். கழிவு மெசேஜுக்கு வந்த புது ஆட்கள் இரண்டு பேரும் அதோடு சரி.

பதில் போடாதவருக்கு ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவை மட்டும், புதுத்தூள் அரைத்த நாளில் அனுப்பினோம். அதுக்கும் பதில் இல்லையென்றால் லிஸ்டில் இருந்து எடுத்துவிட்டோம். இதைத் தாங்குவது ராத்தாவுக்குத்தான் கஷ்டம். "இன்னொருக்காப் போட்டுப் பாப்பமே" என்று இன்னும் கேட்கிறார்.

ஹாஜியாருக்கு அதன்பிறகு நாங்கள் எதுவும் அனுப்பவில்லை. கொப்பியில் அவருடைய பெயரை வெட்டப் போனபோது ராத்தா பேனையை வாங்கினார். "குரக்கன் மா" என்ற சொல்லை மட்டும் ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பெயரை அப்படியே விட்டுவிட்டார்.