தும்மலும் ஒரு சுருட்டிய துண்டும்



இப்பதிவை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். இவ்வலைப்பூவைப் படிப்பவர்களில் பெற்றோரும் உடன் பணியாற்றும் ஆசிரியைகளும் உளர். எனினும், சென்ற வாரம் கருவுற்றிருக்கும் இளைய ஆசிரியை ஒருவர் சபைக் கூடலில் நாற்காலியை விட்டு எழாமலே இருந்தார். அதன் காரணம் எனக்கு மட்டும் விளங்கிற்று. அதனால் எழுதுகிறேன்.

என் இரண்டாவது மகன் இப்போது நான்காம் ஆண்டில் பயில்கிறான். அவனைச் சுமந்த 22ஆம் வாரத்தில், ஒரு திங்கட்கிழமைக் காலை, தேசியப் பண் முடிந்து அமைதியாக நின்ற வேளையில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு சிறுநீரும் சிறிது கசிந்துவிட்டது. அதன் பிறகு ஆயர் ஈத்தாம் சந்தைக்குச் செல்லும்போதுகூட அருகில் கழிவறை எங்கே இருக்கிறது என்றுதான் கண்கள் தேடின. கெக் லோக் சி கோயிலின் படிகளில் இறங்கும்போது ஒவ்வோர் அடியும் அச்சமூட்டியது. மூத்த ஆசிரியை ஒருவரிடம் மெல்லச் சொன்னேன். “பிள்ளை பெறுகிறவளுக்கு இதெல்லாம் இயல்புதானம்மா” என்றார். பலருக்கு நேர்வது என்பது உண்மை. ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதன்று.

இதன் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து பின்னே வால் எலும்பு வரை ஒரு தூளியைப் போலத் தசைகள் விரிந்திருக்கின்றன. இவையே இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இவற்றின்மேல்தான் தங்கியிருக்கின்றன. தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென உயர்ந்து சிறுநீர்ப்பையைக் கீழே தள்ளும். அடித்தளம் உறுதியாக இருந்தால் சிறுநீர்க்குழாய் அதன்மேல் நசுங்கி மூடிக்கொள்ளும். தளம் தொய்ந்திருந்தால் குழாயும் சேர்ந்து கீழிறங்கும், மூடாது. ஈரமான தோட்டத்து ரப்பர் குழாயைச் சிமெண்டுத் தரையில் மிதிப்பதற்கும் சேற்றில் மிதிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. கருவுற்ற காலத்தில் குழந்தையின் எடை இத்தளத்தை நாள் முழுதும் அழுத்துகிறது. சுரப்பிகளின் மாற்றத்தால் இணைப்புத் திசுக்களும் தளர்கின்றன. எனவே, அறுவை முறையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் இச்சிக்கல் வருவதுண்டு.

பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் தாதி ஒருவர் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து, “இறுக்குங்கள், விடுங்கள்” என்றார். நானும் மூன்று வாரம் விடாமல் செய்தேன். பயன் ஏதுமில்லை, கசிவு சற்றுக் கூடியதாகவே தோன்றியது. பிறகு பிசியோதெரபி நிபுணர் ஒருவரைப் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது. நான் தசைகளை மேலே இழுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்கிக்கொண்டிருந்தேன்!

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் விளக்கிவிட்டு ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேரே சரியாகச் செய்தனர். கால்வாசிப் பேர் கசிவை வளர்க்கக்கூடிய முறையில் செய்தனர். இப்பயிற்சிக்குத் தம் பெயரைத் தந்த மருத்துவர் ஆர்னால்ட் கெகல், 1948இல் இதைப் பற்றி எழுதியபோதே சொல்லை மட்டும் நம்பவில்லை. பெண் தன் இறுக்கத்தைத் தானே கண்ணால் காணும்படி ஓர் அளவுகருவியையும் பயன்படுத்தினார். காலப்போக்கில் கருவி மறைந்து, “இறுக்குங்கள், விடுங்கள்” மட்டும் எஞ்சிவிட்டது போலும்.

அந்நிபுணர் எனக்குக் கற்பித்தது எளிய வழி. சிறிய துண்டு ஒன்றை நீளவாக்கில் இறுகச் சுருட்டிக் கெட்டியான நாற்காலியில் வைத்து, கால்களுக்கு இடையில் அது படும்படி அமர வேண்டும். காற்று வெளியேறாமல் அடக்குவது போலப் பின்புறத் துளையை முதலில் இறுக்க வேண்டும். அவ்விறுக்கத்தை அப்படியே முன்னோக்கிக் கொண்டுவந்து, சிறுநீரை அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் உடல் துண்டிலிருந்து மெல்ல விலகுவதை உணரலாம். துண்டின்மேல் அழுத்தம் கூடினால் முக்குகிறோம் என்று பொருள். நாற்காலியில் நம் உயரம் கூடினால் பிட்டம்தான் இறுகுகிறது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சைப் பிடித்துவைக்க இயலாது. வகுப்பில் வாய்பாடு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது கடினமா என்ன?

தொடக்கத்தில் என்னால் நான்கு எண்ணும் வரைதான் பிடிக்க முடிந்தது; ஐந்தாம் முறையில் தசை சோர்ந்துவிட்டது. ஆகவே மூன்று எண்ணும் வரை பிடித்து, முழுமையாகத் தளர்த்தி, அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஓய்ந்து, ஐந்து முறை செய்தேன். முழுமையாகத் தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. அதன் பின் பத்து முறை சட்டென்று இறுக்கி விடுதல். தும்மலுக்கு விரைவுதானே தேவை! காலையில் எழுந்ததும், பள்ளி ஓய்வு நேரத்தில், இரவு இடப்பக்கமாகப் படுத்தபடி என நாளுக்கு மூன்று வேளை. 34ஆம் வாரத்தில் எட்டு எண்ணும் வரை எட்டு முறை செய்ய முடிந்தது. பத்து எண்ணும் வரை பிடிப்பதே இலக்கு. நான் அதை எட்டவில்லை.

எனக்கு உடனடியாகக் கைகொடுத்தது வேறொன்று. தும்மல் வருவதற்குச் சற்று முன்பாக, இருமலுக்கு முன்பாக, கட்டுரை ஏடுகளைத் தூக்குவதற்கு முன்பாகத் தசையை இறுக்கி, அது முடியும் வரை விடாதிருத்தல். சில நாட்களில் அது பழக்கமாகிவிட்டது.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யக்கூடாது. பை முழுதும் காலியாகாமல் போகலாம். கசிவுக்கு அஞ்சி நீர் அருந்தாமலும் இருக்கக்கூடாது. கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றுமொன்று: தும்மாமலே நீர் தொடர்ந்து வடிந்தாலோ திடீரெனப் பெருகினாலோ அது பனிக்குட நீராக இருக்கலாம். துணிப்பட்டை ஒன்றை வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்குக் கசிவு முற்றாக நின்றதா என்றால், பிரசவத்திற்கு முன் நிற்கவில்லை. வாரத்திற்கு ஓரிரு முறையாகக் குறைந்தது. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் இதற்கேற்பவே சொல்கிறது. கசிவு இல்லாதபோதே, கருவுற்ற தொடக்கத்தில் முறையாகத் தொடங்கியவர்களுக்குக் கடைசி மாதங்களில் கசிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. கசியத் தொடங்கிய பின் பயிற்சியை மேற்கொண்ட கருவுற்ற பெண்களுக்கு அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. நான் தாமதமாகத் தொடங்கியவள்.

பிள்ளை பிறந்த பின், சிறுநீர்க் குழாயை எடுத்து இயல்பாகக் கழிக்கத் தொடங்கியதும் மீண்டும் மென்மையாகத் தொடங்கினேன். அம்மா வயிற்றுக்கு இறுகக் கட்டுப் போட்டுவிட்டு, “இது போதும்” என்றார். அக்கட்டு இத்தசைகளுக்கு வேலை கொடுப்பதில்லை என்பதை அவருக்கு விளக்க ஒரு வாரமாயிற்று. மூன்றாம் மாத இறுதியில்தான் நிம்மதியாகத் தும்மினேன். அதற்குப் பிறகும் கசிபவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பிசியோதெரபிக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

நாளை ஓய்வு நேரத்தில் அவ்விளைய ஆசிரியையிடம் பேசவிருக்கிறேன். அவருக்கு இது 14ஆம் வாரம். கைப்பையில் ஒரு துண்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.