சாயம் ஊறும் நேரம் யாருடையது?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை சலூன் நிறையும். செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டலாம். பலர் அன்றைக்கு முடியில் கத்தரி படவே விட மாட்டார்கள். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஆண், பெண் இருவருக்குமாகச் சலூன் நடத்தும் ஓர் அக்கா, தன் வெப்சைட்டில் புக்கிங் வசதி வைத்துத் தரும்படி கேட்டதற்குக் காரணமும் இந்த ஞாயிறுதான். நான்கு நாற்காலி, மூன்று ஆட்கள், வாசல் பெஞ்சில் கூட்டம். எட்டரைக்கு எட்டரை கம்பெனியில் நின்று வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் கிடைப்பதே ஒரு பகல். அதில் பாதியைப் பெஞ்சில் கழிக்க யாருக்கு மனசு வரும்?

ரெடிமேடாகக் கிடைக்கும் புக்கிங் டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஒரு சேவைக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்கும். கட்டிங் 30 நிமிடம், ஃபேஷியல் 50, ஹேர் கலர் 90 என்று போட்டுவிட்டால், ஆளின் நாளை அந்த அளவுகளில் கூறு போட்டுக் காட்டிவிடும். கட்டிங்குக்கு இது சரிதான். ஹேர் கலருக்கு வந்தால் இடிக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். திரையில் கலருக்கு எதிரே 90 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, மெஷினுக்குள்ள துணி ஓடீட்டு இருக்கறப்ப ஆளு பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருப்பானா?” என்று கேட்டார். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரம் முழுக்க மெஷின் வேறு துணிக்குக் கிடைக்காது. ஆனால் ஆள் அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். தலைமுடியிலும் அதே கதைதான். சாயம் ஊறும்போது நாற்காலிக்கு வேலை இருக்கிறது, கைக்கு இல்லை.

ஆகவே கலரை மூன்று துண்டாக எழுதினோம்: பூச 30 நிமிடம், ஊற 35, அலசி உலர்த்த 25. காலை 10:00 மணிக்கு ஆரம்பித்தால் நாற்காலி 11:30 வரை ஒரே பிடியில் போய்விடும். ஆளின் கணக்கில் மட்டும் 10:00 முதல் 10:30 வரை, பிறகு 11:05 முதல் 11:30 வரை என இரண்டு துண்டுகள் பதிவாகும். நடுவில் இருக்கும் 35 நிமிடம் யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. கணக்குப் பார்க்கிறவர் உடனே ஒரு கட்டிங்கை அங்கே செருகுவார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேச்சில் நியாயம் இருந்தது.

கட்டிங்குக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க, பனியன் கம்பெனிகளில் ஐ.இ. ஆட்கள் எஸ்.ஏ.எம். எடுக்கிற முறையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். அங்கே காலர் வைக்க, கை ஏற்ற, சைடு அடிக்க என்று ஒவ்வொரு ஆபரேஷனையும் தனியாகப் பார்த்து, தையல்காரரின் வேகத்துக்கு ஏற்றபடி திருத்தி, ஓய்வுக்கும் தடங்கலுக்கும் கொஞ்சம் சேர்ப்பார்கள். சலூனில் தலைக்குத் தலை வித்தியாசம். கட்டிங்கின் சராசரி 25 நிமிடத்தை ஒட்டி வந்தது, ஆனால் 18-இல் முடிந்ததும் உண்டு, 34 வரை இழுத்ததும் உண்டு. சராசரியை அப்படியே புக்கிங்கில் போட்டால் பாதிக்குப் பாதி நேரம் தாண்டும். முதல் ஆளுக்கு ஐந்து நிமிடம், அடுத்தவருக்குப் பத்து என்று தாமதம் சேர்ந்துகொண்டே போய், மதியத்துக்குள் பெஞ்ச் பழையபடி நிறைந்துவிடும். பத்தில் எட்டுப் பேருக்கு முடிந்துவிடும் நேரம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அது 30 என்று வைத்தோம். துண்டை உதறித் தரையைக் கூட்ட இன்னும் 5.

கூட்டினால் மிகச் சரியாக 35. காகிதத்தில் பொருந்துகிறது, மூச்சு விட இடமில்லை. கட்டிங் ஆறு நிமிடம் இழுத்தால், பக்கத்து நாற்காலியில் சாயம் ஆறு நிமிடம் அதிகம் ஊறும். “கட்டிங்காரரு பெஞ்சுல உக்காரலாம் தம்பி, சாயம் உக்காருமா?” என்றார் அக்கா. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டவிட்டால் நிறமும் மாறும், தோலும் எரியும். கடைசியில் ஊறும் இடைவெளியில் பத்து நிமிடம் கையிருப்பாக மிஞ்சும் சேவைகளை மட்டுமே புக் செய்யலாம் என்று விதி வைத்தோம். 15 நிமிட ஐப்ரோ நுழையும், தாடி ட்ரிம் நுழையும், கட்டிங் நுழையாது. அதற்கு இன்னொரு ஆள் இருக்கிறார்.

யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதைத் தனி அட்டவணையாக வைத்தோம். இந்த ஊரில் கம்பெனி வாசலுக்கு வாசல் ‘ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் தேவை’ என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ‘டெய்லர் தேவை’ என்று மொட்டையாக எழுதினால் வேலைக்கு ஆகாது. சலூனிலும் கலர் கலக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அலசி உலர்த்த மூவருக்கும் தெரியும். இதனால் கலரின் மூன்றாவது துண்டை வேறொருவர் கையில் கொடுக்கவும் வழி பிறந்தது. வேலை நேரத்திலும் வாராந்தர வழக்கத்தை ஓரிடத்திலும், லீவு, அரை நாள், ஊர் நோன்பி போன்ற அன்றன்றைய விலக்குகளை இன்னோரிடத்திலும் பிரித்து வைத்தோம். இரண்டையும் கலந்துவிட்டால், நோன்பிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வந்த பிறகும் அவர் பெயர் திரையில் காணாமலே கிடக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு ஓட்டை மிஞ்சும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஞாயிறு 10:00 மணியைத் தொடுகிறார்கள். இருவர் திரையிலும் அது காலியாகத்தான் தெரிகிறது. முதலில் பார்த்து, காலி என்றால் பதியும் நிரலில், பார்ப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடலாம். காவலை டேட்டாபேஸிடமே விட்டுவிடுவதுதான் நல்லது. போஸ்ட்கிரெஸில் அதற்கு வழி உண்டு:

```sql
CREATE EXTENSION IF NOT EXISTS btree_gist;

ALTER TABLE staff_busy
ADD CONSTRAINT no_overlap
EXCLUDE USING gist (
  staff_id WITH =,
  busy WITH &&
);
```

`busy` என்பது `tstzrange` வகை. தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாகப் பிடித்து வைக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு நேரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இரண்டாவது பதிவு ஏறாது. `23P01` என்ற பிழை எண் திரும்பி வரும். அதைப் பிடித்து, ‘இந்த நேரம் இப்போதுதான் போனது’ என்று சொல்லி அடுத்த காலி நேரத்தைக் காட்டினால் போதும். `tstzrange()` கொண்டு மதிப்பை உருவாக்கும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால், தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுக் கணக்கிடும். அதனால் 10:30-க்கு முடிவதும் 10:30-க்குத் தொடங்குவதும் மோதாது. நாற்காலிக்கும் இதே போல ஒரு அட்டவணை. அங்கே கலரின் 90 நிமிடமும் ஒரே வரியாக நிற்கும். இரண்டு அட்டவணைப் பதிவும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் நடக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் கிடைத்து நாற்காலி கிடைக்காத அரைகுறை புக்கிங் தங்கிவிடும். ரத்தான புக்கிங்கின் வரிகளை இங்கிருந்து நீக்கிவிட வேண்டும். மறந்தால் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது.

எதைச் செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல் நேரே வந்து நிற்பவர்கள் நிற்கத்தான் செய்வார்கள். பதினைந்து வருஷமாக வரும் பெரியவரிடம் லிங்க் அனுப்புகிறேன் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. அதனால் ஞாயிறு மட்டும் நான்காவது நாற்காலியும் ஓர் ஆளும் புக்கிங்கில் தெரியாதபடி ஒரு சுவிட்ச் வைத்தோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் பெஞ்ச் காலியாக இருந்தால் அவரே போனில் அதைத் திறந்துவிடுகிறார்.