காப்பிக்கொட்டையும் டேபிள் ஃபேனும்

ஓய்வு பெற்றபின் காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்துக்கொள்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு வாணலியில் 200 கிராம். படபடவென்று வெடித்து நிறம் வந்ததும் எவர்சில்வர் சல்லடையில் கொட்டினேன். இறக்கிய பிறகும் கொட்டைக்குள் இருக்கும் சூட்டில் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும். மூன்று, நான்கு நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வராவிட்டால், நினைத்ததைவிடக் கறுத்து, கசப்பு ஏறிவிடும். அந்த அவசரத்தில் அடுப்புக்குப் பக்கத்திலேயே டேபிள் ஃபேனைப் போட்டேன். அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். (மறதிக்காக எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேன்!) கொட்டையிலிருந்து உதிர்ந்த சருகு போன்ற தோல் பறந்து சுடரில் விழுந்து, குப்பென்று பிடித்தது. பக்கத்தில் கிடந்த பிடிதுணியின் ஓரமும் எரியத் தொடங்கியது. வீட்டம்மாதான் ஓடிவந்து கேஸை மூடி, துணியைத் தொட்டித் தண்ணீரில் போட்டார். நான் சல்லடையைப் பிடித்தபடி நின்றேன்.

இப்போது வறுப்பதே பின்கட்டில்தான். புகையும் வீட்டுக்குள் வராது. கறுக்க வறுத்தால் புகை கண்ணைக் கரிக்கும். அடுப்பை அணைத்த பிறகே வாணலியை இறக்குகிறேன். பத்தடி தள்ளிப்போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சல்லடைகளில் மாற்றி மாற்றிக் கொட்டுகிறேன். தோல் பறந்துவிடும், கொட்டையும் ஆறும். உதிர்ந்த தோலில் கனல் ஒளிந்திருக்கலாம். தண்ணீர் தெளித்துத்தான் குப்பைக்கூடையில் போடுகிறேன்.

வாணலியிலேயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிநீராவி முகத்தில் அடிக்கும். கேஸை அணைத்து இரும்பு மூடியால் மூடிவிடுங்கள். மூடி இப்போது அடுப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டம்மா வைத்தது.