பனைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்

பெரிய மரமொன்றைப் படமெடுக்கும்போது ஆரையாவது பக்கத்தில் நிற்க வைப்பது எல்லோருக்கும் வழக்கம். மரம் எவ்வளவு பெரிசு எண்டு காட்டத்தான். அந்த ஆளின் உயரம் தெரிந்தால் மரத்தின் உயரத்தையும் கண்டுபிடிக்கலாம். படத்தில் மரம் எத்தனை பிக்சல், ஆள் எத்தனை பிக்சல் எண்டு பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, ஆளின் உண்மையான உயரத்தால் பெருக்கினால் விடை வரும். சாதாரண தரத்துக்குப் படித்த விகிதக் கணக்குத்தான்.

கணக்கு லேசு. படம்தான் ஏமாற்றும். அதுவும் இரண்டு பக்கமும் சமமாக ஏமாற்றாது. நாங்கள் வழமையாகப் படமெடுக்கிற விதத்தில் மரம் எப்போதும் உள்ளதைவிடக் கட்டையாகவே வரும். அழகுக்கு எடுத்த படமெண்டால் பரவாயில்லை. ஆனால் எங்களிடம் வந்த கேள்வி வேறு மாதிரி.

ஒரு முன்பள்ளிக்குப் பக்கத்துக் காணியில் தலை போன பனையொன்று நின்றது. பட்டுப்போன மொட்டைப் பனை, அடியில் உக்கல். அடியிலிருந்து முன்பள்ளிச் சுவர் வரைக்கும் ரேப் பிடித்துப் பார்த்ததில் 14 மீற்றர். மரம் அந்தப் பக்கம் விழுந்தால் கூரைக்கு எட்டுமா எண்டு அங்கத்தைய ரீச்சர் கேட்டிருந்தார். கூடவே வட்ஸ்அப்பில் ஒரு படம். பனைக்குப் பக்கத்தில் அவருடைய மகன் நிற்கிறார், உயரம் 1.65 மீற்றர்.

அந்தப் படத்தில் ஆள் 105 பிக்சல், மரம் 847 பிக்சல். வகுத்தால் எட்டை விடக் கொஞ்சம் கூட. 1.65 ஆல் பெருக்கினால் 13.3 மீற்றர். சுவர் 14 மீற்றரில் இருப்பதால் மரம் விழுந்தாலும் எட்டாது எண்டு சொல்லிவிடலாம் போலத் தெரியும்.

நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. படத்திலேயே இரண்டு அறிகுறிகள் இருந்தன. ஒன்று, ஆள் முழுக்கப் படத்தின் கீழ்ப்பாதியில் நின்றார். அவருடைய தலைகூட நடுக்கோட்டுக்கு வெகு கீழே. மற்றது, ஒரு ஓரத்தில் தெரிந்த மின்கம்பமும் மறு ஓரத்தில் தெரிந்த கட்டடத்தின் மூலையும் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தன. இரண்டும் சொல்வது ஒரே விசயம்: போனை மேல்நோக்கிச் சரித்துப் பிடித்துத்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது.

சரித்தால் என்ன நடக்கும்? போனை நிமிர்த்திப் பிடித்தால் அதன் முகமும் நேராக நிற்கும் மரமும் ஒன்றுக்கொன்று சமாந்தரம். அப்போது மரத்தின் அடியில் ஒரு மீற்றரும் நுனியில் ஒரு மீற்றரும் படத்தில் ஒரே அளவு பிக்சலாக விழும். விகிதக் கணக்கு சரிவருவது இதனால்தான். போனை மேலே சரித்தவுடன் அந்தச் சமாந்தரம் குலையும். சரிந்த முகத்திலிருந்து பார்த்தால் அடி கிட்ட, நுனி தூர. தூர உள்ளது சின்னதாகத் தெரியும். ஆள் நிற்பது அடியில், அதனால் அவர் பெரிதாகவே இருக்கிறார். மரத்தின் மேற்பகுதி மட்டும் சுருங்குகிறது. வகுத்தால் விடை குறையத்தானே செய்யும்.

எல்லோரும் சரித்துப் பிடிப்பதற்குக் காரணமும் இருக்கு. கிட்ட நின்றால் மரத்தின் நுனி படத்துக்குள் வராது. நிமிர்த்திப் பிடித்தாலோ படத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் நிலமாகத்தான் இருக்கும். “என்னடா, அரைவாசிப் படம் மண்ணாக் கிடக்கு” எண்டுதான் தோன்றும். ஆனால் அளப்பதற்கு அந்த மண் வேணும்.

அடுத்த நாள் நாங்களே போனோம். முதல் படம் ஏறத்தாழ 20 மீற்றரில் எடுத்தது. நாங்கள் 30 மீற்றர் பின்னுக்குப் போனோம். தரை மட்டமான காணி. போனை 1.5 மீற்றர் உயரத்தில், நெடுக்காக, நேராக நிமிர்த்திப் பிடித்தோம். சரியாகப் பிடித்தோமா எண்டு பிறகு படத்திலேயே சோதிக்கலாம். போன் நிமிர்ந்திருந்தால் படத்தின் நடுக்கோடு ஆளின் உடம்பில் போன் பிடித்த அதே உயரத்தை வெட்டவேணும். எங்கள் படத்தில் கோடு அவருடைய வாயடியில் போனது, 1.65 மீற்றர் ஆளில் அது 1.5 மீற்றருக்குச் சரி. ஆனால் ஓரம் வெட்டிய படத்தில் இந்தச் சோதனை செல்லாது, நடுக்கோடு இடம் மாறிவிடும்.

ஆளை நிறுத்துகிற இடமும் முக்கியம். மரத்துக்கு முன்னாலே நிற்கச் சொன்னால் எல்லோரும் இரண்டு எட்டு கமெராப் பக்கம் வந்துதான் நிற்பார்கள். 30 மீற்றரில் எடுக்கும்போது ஆள் 2 மீற்றர் முன்னுக்கு நின்றால் அவர் 28 மீற்றரில் இருக்கிறார். படத்தில் ஏழு வீதம் பெருத்துவிடுவார். 16 மீற்றர் மரம் 15 மீற்றருக்குக் கீழே இறங்கிவிடும். 10 மீற்றர் தூரத்தில் இருந்து எடுத்தால் அதே 2 மீற்றர் மரத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் அவரை அடிமரத்துக்குப் பக்கவாட்டில், தோள் முட்டுகிற மாதிரி நிற்கவைத்தோம். சுற்றியிருந்த புல்லையும் விலக்கினோம். கால் மறைந்தால் எங்கிருந்து எண்ணுவது?

புதுப் படத்தில் ஆள் 159 பிக்சல், மரம் 1541 பிக்சல். விடை 16.0 மீற்றர். தலைமுடி எங்கே முடிகிறது, செருப்பு எங்கே தொடங்குகிறது எண்டு பார்ப்பதில் மூன்று பிக்சல் அங்காலே இங்காலே போகலாம். ஆளை 162 எண்டு எடுத்தால் மரம் 15.7, 156 எண்டு எடுத்தால் 16.3. எப்படிப் பார்த்தாலும் 14 ஐ விடக் கூட. மரம் விழுந்தால் நுனி கூரையில் கிடக்கும்.

ரீச்சர் அன்றைக்கே பிள்ளைகளை மறுபக்கத்து வகுப்பறைக்கு மாற்றினார். பிறகு மரம் வெட்டுகிறவர்கள் வந்து, கயிறு கட்டி, வெறுங்காணிப் பக்கம் விழுத்தினார்கள். கிடந்த மரத்தையும் அடிக்கட்டையையும் சேர்த்து ரேப் பிடித்தபோது 16.1 மீற்றர்.

இந்த முறை எல்லா மரத்துக்கும் இவ்வளவு நல்லாக வராது. மொட்டைப் பனைக்கு நுனி எதுவெண்டதில் சந்தேகமில்லை, தண்டும் நேர். வேம்பு, புளி மாதிரி விரிந்த மரங்களில் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கொப்பு உண்மையான உச்சியை மறைத்துக்கொண்டு, தானே உச்சி மாதிரி நிற்கும். அதுக்கு இன்னும் தள்ளிப்போய் எடுக்கவேணும். சாய்ந்த தென்னை எண்டால், அது இடமோ வலமோ சாய்வது தெரிகிற பக்கத்தில் நின்று எடுத்து, தண்டின் வழியே அளக்கவேணும். விழும்போது எட்டுவது அந்த நீளம்தான்.

ஆரோ எடுத்த படம் மட்டும்தான் கையில் இருக்கு, மரம் இப்போது இல்லை எண்டாலும் கணக்குப் போடலாம். ஆள் மரத்துக்கு முன்னுக்கு நின்றாரா, கமெரா மேலே சரிந்ததா எண்டு முதலில் பாருங்கோ. இரண்டில் ஒன்று இருந்தாலும் வந்த விடையை “மரம் குறைந்தது இவ்வளவு” எண்டு எழுதுங்கோ, “மரம் இவ்வளவு” எண்டு எழுதவேண்டாம். முன்பள்ளிச் சுவருக்கும் எங்கள் விடைக்கும் இடையில் நின்றது அந்தக் “குறைந்தது” எண்ட சொல்தான்.