நவராத்திரிக்கு ராத்திரி எட்டு மணிக் கணக்கு



நவராத்திரி முடிஞ்சதுலேர்ந்து மூணு ஆலயத்து நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க: "அந்த எட்டு மணி மெசேஜ் எப்படி வருது? யார் உட்கார்ந்து டைப் பண்றது?" யாரும் டைப் பண்றதில்லை. கொஞ்சம் நீளமா எழுதுறோம், பொறுமையா படிங்க.

எங்கள் ஆலயத்தில் ஒன்பது நாளும் உபயத்துக்கும் சங்கல்பத்துக்கும் கூகுள் ஃபார்ம் வழியாகத்தான் பதிவு. குடும்பத் தலைவர் பெயர், எந்த நாள், எத்தனை பேர் வருவார்கள், சங்கல்பத்துக்கு உரிய பெயர்களும் நட்சத்திரமும். அவ்வளவுதான் கேள்வி. பதிவு வந்துகொண்டே இருக்கும், அது பிரச்சினை இல்லை. அதை யார், எப்போது பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு பதிவுக்கும் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகும்படி முன்பு வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு இருபது, முப்பது வந்தால் மனுஷன் என்ன செய்வார்? மூன்றாம் நாளிலேயே திறப்பதை விட்டுவிட்டார்.

சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் போய்க் கேட்டோம். "எனக்கு லிஸ்ட்டெல்லாம் வேணாம் தம்பி. நாளைக்கு எத்தன பேரு? அத மட்டும் ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லுங்க. கடலைய ஊற வைக்கணும்" என்றார். கொண்டைக்கடலை குறைந்தது எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். காலையில் சொன்னால் பயனில்லை. குருக்களிடம் கேட்டபோது அவருக்கு எண்ணிக்கை வேண்டாம், பெயர்கள்தான் வேண்டும். ஆகவே ஒரே செய்தி, இரண்டு பகுதி, எட்டு மணி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் முடிவு செய்தோம்.

இந்த மாதிரி வேலைக்கு, நிரல் எழுதாமல் கட்டங்களை இழுத்து இணைக்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன. நாங்கள் எடுத்தது make.com. அதிலேயே பதிவுகளைத் தேடி, வடிகட்டி, கூட்டி, செய்தியாகக் கோர்க்கலாம். ஆனால் நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கணக்கு முழுவதையும் கூகுள் ஷீட்டிலேயே செய்து, செய்தியை ஒரே கட்டத்தில் தயாராக வைத்துவிட்டோம். make.com செய்வது இரண்டே வேலை: எட்டு மணிக்கு அந்தக் கட்டத்தைப் படிக்கும், டெலிகிராம் குழுவுக்கு அனுப்பும். ஏன் இப்படி என்றால், ஷீட்டை எங்கள் குழுவில் பத்துப் பேர் திறந்து பார்க்க முடியும், கணக்கு சரியா என்று எந்த நேரமும் கண்ணால் பார்க்க முடியும். தளத்துக்குள் கணக்கை வைத்தால் கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலை மாறி ஜொகூர் போய்விட்டால் கதை முடிஞ்சது.

ஃபார்மை ஷீட்டோடு இணைத்தால் Form Responses 1 என்று ஒரு தாள் தானாக உருவாகும். எங்கள் தாளில் A நேரம், B குடும்பத் தலைவர், C எந்த நாள், D எத்தனை பேர், E சங்கல்பப் பெயர்கள். பக்கத்தில் இன்னொரு தாள் திறந்து, A1-இல் நவராத்திரி முதல் நாளின் தேதியைப் போட்டோம். பிறகு B1 முதல் B5 வரை வரிசையாக இவை:

```
="நாள் "&(TODAY()-A1+2)
=COUNTIF('Form Responses 1'!C:C, B1)
=SUMIF('Form Responses 1'!C:C, B1, 'Form Responses 1'!D:D)
=IFNA(TEXTJOIN(CHAR(10), TRUE, SORT(FILTER('Form Responses 1'!B:B&" - "&'Form Responses 1'!E:E, 'Form Responses 1'!C:C=B1))), "பெயர் இல்லை")
=COUNTA('Form Responses 1'!A:A)-1
```

முதல் வரி நாளைக்கு எத்தனையாவது நாள் என்று கண்டுபிடிக்கிறது. இன்று இரண்டாம் நாள் என்றால் "நாள் 3" என்று வரும். ஃபார்மில் தேதி கேட்காமல் "நாள் 1" முதல் "நாள் 9" வரை கீழிறங்கும் பட்டியலாகக் கொடுத்திருக்கிறோம். பெரியவங்க காலண்டரில் மாசம் மாத்தி அமுக்கிடுவாங்க, பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த இரண்டு வரிகள் நாளைக்கு எத்தனை குடும்பம், எத்தனை தலை. நான்காவது வரி பெயர்களை அகரவரிசையில் அடுக்குகிறது. ஐந்தாவது, இதுவரை வந்த மொத்தப் பதிவு. B6-இல் இவற்றை நாளைய தேதியோடு ஒரே செய்தியாக ஒட்டுகிறோம்:

```
=TEXT(TODAY()+1,"dd/mm")&" "&B1&CHAR(10)&"குடும்பம்: "&B2&CHAR(10)&"பேர்: "&B3&CHAR(10)&B4&CHAR(10)&"மொத்தப் பதிவு: "&B5
```

make.com-இல் Google Sheets-இன் Get a Cell, அதற்கு B6 என்று சொல்லவேண்டும். அதோடு Telegram Bot-இன் செய்தி அனுப்பும் கட்டம். டெலிகிராமில் BotFather என்பவரிடம் போட் ஒன்று உருவாக்கினால் ஒரு நீண்ட சாவி கிடைக்கும், அதைத் தளத்தில் ஒட்டவேண்டும். போட்டைக் குழுவில் சேர்க்க மறக்காதீங்க. நேர அட்டவணையில் தினமும் 20:00. ஒரு நாளைக்கு இரண்டு படி என்றால் ஒன்பது நாளுக்குப் பதினெட்டு. இலவசக் கணக்கே தாராளம்.

வாட்ஸ்அப்பில் ஏன் இல்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். தானியங்கியாக அனுப்ப வணிகக் கணக்கு வேண்டும், அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வாசக வடிவம் வேண்டும். ஒரு வாரச் சுண்டலுக்கு இவ்வளவா? டெலிகிராமில் வருவதைச் செயலாளர் நீளமாக அமுக்கி நகல் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அரை நிமிடம். அவர் ஒருமுறை கண்ணால் பார்க்கிறார் என்பதும் நல்லதுதான்.

மூன்றாம் நாளுக்கு முந்திய இரவு வந்த செய்தியைச் சொல்கிறோம். குடும்பம் 14, பேர் 53, கீழே பதினான்கு வரி பெயர்கள். எங்கள் சமையலறைக் கணக்கில் ஒரு கிலோ காய்ந்த கடலை சுமார் முப்பது கிண்ணம் சுண்டல். பதிவு செய்யாமல் கும்பிட வருகிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள் என்பது அக்காவின் அனுபவம். அது எந்த ஃபார்மிலும் வராது. 53-உம் 40-உம் 93. மூன்று கிலோவும் ஒரு கைப்பிடியும் ஊறப்போட்டார். பெயர்ப் பட்டியலில் ஒரே தலைவர் பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அனுப்பு என்று அமுக்குவது சகஜம்தானே. அகரவரிசையில் இருப்பதால் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும். அதை ஃபார்முலாவை வைத்தே நீக்கலாம், நாங்கள் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அப்பாவும் மகனும் ஒரே வீட்டுப் பெயரில் தனித்தனியே உபயம் எடுப்பது உண்டு. செயலாளர் ஒரு போன் போட்டுக் கேட்டார், ஒன்றுதான் என்றார்கள். சங்கல்பத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டால் அந்தக் குடும்பம் எவ்வளவு வருத்தப்படும் என்று ஆலயத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். அதை மெஷினிடம் விட மனசு வரலை.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நேர மண்டலம் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஷீட்டில் ஒன்று, make.com கணக்கில் ஒன்று. இரண்டும் கோலாலம்பூர் என்று இருக்கவேண்டும். தளத்தில் அது UTC என்று இருந்தால் எட்டு மணிச் செய்தி மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வரும். அப்போது பார்த்து என்ன பயன்? ஷீட்டின் மண்டலம் அமெரிக்கா என்று இருந்தால் இன்னும் தந்திரமானது. நமக்கு இரவு எட்டு மணி அங்கே அதே தேதியின் அதிகாலை, ஆகவே மாலையில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். காலை பத்து மணிக்குத் திறந்தால்தான் ஒரு நாள் பின்தங்கி இருக்கும். சோதனையைக் காலையிலும் ஒருமுறை செய்யுங்கள். ஷீட் அமைப்பில் Recalculation என்பதை மணிக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். செய்தியின் தலையில் தேதி போடுவதும் இதற்காகத்தான். பழைய கணக்கு வந்தால் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபார்முலாக்களைப் பதிவுத் தாளிலேயே ஓரமாக எழுதாதீர்கள். புதிய பதிவு வரும்போது ஃபார்ம் ஒரு வரியைப் புதிதாகச் செருகும், உங்கள் ஃபார்முலா நகர்ந்துவிடும். C2:C200 என்று எல்லை கட்டினாலும் இதே கதி. அதனால்தான் தனித் தாள், C:C என்று முழு நெடுவரிசை.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு எண் மட்டுமே ஏற்கும்படி Response validation போடுங்கள். இல்லையென்றால் "4 பேர்" என்றோ "நாலு" என்றோ வரும். SUMIF அதைக் கண்டுகொள்ளாது, சத்தமில்லாமல் நான்கு கிண்ணம் குறையும்.

இன்னொன்று, யாராவது இடையில் ஃபார்மைத் திறந்து "நாள் 5" என்பதை "ஐந்தாம் நாள்" என்று அழகாக்கிவிட்டால் அன்றிலிருந்து அந்த நாளுக்கு வரும் பதிவுகள் எண்ணிக்கையில் சேராது. பதிவே வரவில்லையோ என்று நினைப்போம். கடைசி வரியில் உள்ள மொத்தப் பதிவு அங்கேதான் உதவும். மொத்தம் நேற்றைவிட ஏறியிருக்கிறது, நாளைக்கு மட்டும் 0 என்றால் உடனே ஷீட்டைத் திறந்து பாருங்கள்.

பூஜ்யமாக இருந்தாலும் செய்தி வரும்படி வைத்ததுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். "பேர்: 0, பெயர் இல்லை" என்று வந்தால் அக்கா வழக்கமான நாற்பதுக்கு மட்டும் ஊறப்போடுவார். செய்தியே வரவில்லை என்றால் ஏதோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் கூகுள் இணைப்பை மறுபடி அனுமதிக்கவேண்டியிருக்கும். அந்த எச்சரிக்கை கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். ஆகவே ஆலயத்தின் பொது மின்னஞ்சலில் கணக்கு திறந்தோம். எட்டே கால் வரை வரவில்லை என்றால் அன்றைய பொறுப்பாளர் ஷீட்டைத் திறந்து B6-ஐப் பார்த்து அக்காவுக்கு போன் செய்வார். IFERROR போடாமல் IFNA போட்டதும் இந்தக் காரணத்துக்கே. பெயர் இல்லாவிட்டால் மட்டும் அது அமைதியாகச் சமாளிக்கும், ஷீட்டில் வேறு ஏதாவது உடைந்தால் பிழை அப்படியே செய்தியில் வந்து நிற்கும்.

ஒரு ஓட்டையை இது அடைக்காது. இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் நாளைக்கு என்று பதிந்தால், இன்றைய செய்தி போய்விட்டது, நாளைய செய்தி நாளை மறுநாளுக்கு உரியது. எதிலும் வரமாட்டார். அதனால் ஃபார்மின் தலைப்பிலேயே "மறுநாள் பதிவுக்கு இரவு 7.30க்குள், அதன் பிறகு கவுண்டரில் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறோம். எழுதினால் மட்டும் போதாது லா, யார் படிக்கிறாங்க? குருக்களுக்குப் போகும் பெயர்த் தாளைச் செய்தியிலிருந்து எடுக்காமல், அன்று மாலை ஐந்து மணிக்கு ஷீட்டைத் திறந்து அந்த நாளுக்கு வடிகட்டித் தனியாக அச்சடிக்கிறோம். கடலை ராத்திரியே ஊறியாக வேண்டும், பெயருக்குச் சங்கல்பம் வரை நேரம் இருக்கிறது.

போன் எண்ணைச் செய்தியில் சேர்க்கச் சொல்லி ஒரு அண்ணன் கேட்டார். சேர்க்கவில்லை. குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம், எண் வேண்டியவர் ஷீட்டில் அனுமதி கேட்டுப் பார்க்கட்டும்.

விஜயதசமி அன்று நேர அட்டவணையை நிறுத்திவிட்டோம். இல்லாவிட்டால் "நாள் 12, பேர்: 0" என்று தீபாவளி வரை வந்துகொண்டே இருக்கும். தைப்பூசத்துக்குப் பந்தலில் நீர்மோர், அன்னதானம் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார். இன்னொரு SUMIF வரி சேர்க்கவேண்டும், அந்த வேலை பாக்கி இருக்கிறது.