மூலையை இரண்டு முறை வெட்டிய கதை

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். புதுக்கோட்டைக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனையில் மகளுக்காக இரண்டு அறை வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார். வானம் வெட்டி முடித்தாயிற்று. அஸ்திவாரத்துக்காகச் சுவர் நெடுக வெட்டும் நீளக் குழியைத்தான் எங்கள் பக்கம் வானம் என்போம்.

காகிதத்தில் இரண்டு வரிகள்தான் இருந்தன. வானம் வெட்டியது 1620 கன அடி. மண் அப்புறப்படுத்த 20 யூனிட், அதாவது டிராக்டரில் 20 நடை.

"நாளைக்குக் காலையில டிராக்டர் வருதுன்னு மேஸ்திரி சொல்றார் சார். இது சரியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பொதுப்பணித் துறையில் இருந்த காலத்தில் எத்தனையோ அளவுப் புத்தகங்களைச் சரி பார்த்திருக்கிறேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு, "வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே மனையைப் பார்த்துடுவோம்" என்று கிளம்பினேன்.

வீடு எளிமையான வீடுதான். சுவரின் மையக் கோட்டில் அளந்தால் நீளம் 30 அடி, அகலம் 20 அடி. நடுவில் அகல வாக்கில் ஒரு குறுக்குச் சுவர். வானம் 3 அடி அகலம், 4 அடி ஆழம். டேப் போட்டுப் பார்த்தேன். அகலமும் ஆழமும் சுத்தமாக இருந்தன. மேஸ்திரி வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்படியானால் கணக்கில் ஏதாவது இருக்க வேண்டும்.

மேஸ்திரி அங்கேதான் இருந்தார். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு வானத்தையும் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை அளந்ததாகச் சொன்னார். நீள வானம் இரண்டும் 33 அடி. அகல வானம் இரண்டும் 23 அடி. குறுக்கு வானமும் 23 அடி. எல்லாம் சேர்த்து 135 அடி. அதை அகலம் 3, ஆழம் 4 இவற்றால் பெருக்கினால் 1620. பெருக்கல் சரிதான்.

நான் வானத்தில் இறங்கி ஒரு மூலையில் நின்றேன். "மேஸ்திரி, நான் இப்ப நீள வானத்துல நிக்கிறேனா, அகல வானத்துல நிக்கிறேனா?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும்தான் சார்."

"மண் எத்தனை தடவை வெட்டினீங்க?"

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு தடவைதான் சார். எங்க அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் அளக்கிறோம்."

அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பழக்கம் அப்படி. மூலைக்கு 3 அடி வீதம் நான்கு மூலையில் 12 அடி நீளம் இரண்டு முறை கணக்கில் வந்துவிட்டது. குறுக்கு வானத்தின் இரண்டு முனைகளும் நீள வானத்துக்குள் போய் முட்டுகிற இடத்தில் இன்னும் 6 அடி. ஆக, வெட்டாத 18 அடிக்குக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

சுலபமான வழி மையக் கோட்டு முறைதான். வெளிச் சுவர் நான்கின் மையக் கோட்டையும் கூட்டினால் 100 அடி. மூலையில் வெளிப்பக்கம் கூடுவதும் உள்பக்கம் குறைவதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். அதனால் மூலைக்குக் கழிக்க வேண்டியதில்லை. குறுக்குச் சுவரின் மையக் கோடு 20 அடி. அது இரண்டு பக்கமும் வெளி வானத்தில் முட்டுவதால் ஒவ்வொரு முட்டுக்கும் வானத்தின் பாதி அகலம், அதாவது ஒன்றரை அடி கழிக்க வேண்டும். மீதி 17 அடி. மொத்தம் 117 அடி. 3 அடி அகலம், 4 அடி ஆழத்துக்கு 1404 கன அடி. காகிதத்தில் இருந்ததைவிட 216 குறைவு.

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் எனக்கு இரண்டாவது வரிதான் உறுத்தியது.

20 யூனிட் எப்படி வந்தது? 1620 கன அடியை வெட்டி மேலே போட்டால் மண் பொதபொதவென்று உப்பும். இந்த மாதிரி மண் ஏறக்குறைய கால் பங்கு கூடும். 1620-உடன் கால் பங்கு சேர்த்தால் 2025. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 20 யூனிட். உப்பலைச் சேர்த்தது சரியே. டிராக்டரில் ஏறுவது உப்பிய மண்தான். அதைச் சேர்க்காமல் நடை கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் வெட்டிய மண் முழுவதும் ஏன் வெளியே போக வேண்டும்?

வானத்துக்குள் என்ன வரப்போகிறது என்று பார்க்க வேண்டும். அடியில் 3 அடி அகலத்துக்கு அரை அடி காங்கிரீட். அதன் மேல் கருங்கல் கட்டு, 2 அடி அகலத்தில் 2 அடி உயரம். அதற்கு மேல் ஒன்றரை அடி அகலத்தில் ஒன்றரை அடி உயரம். அதோடு தரைமட்டம் வந்துவிடும். மேலே போகப் போகக் கட்டு ஒடுங்குவதால் குறுக்குச் சுவரில் கழிக்கும் நீளமும் கொஞ்சம் குறையும். அதையும் பார்த்துக் கணக்கிட்டால் மூன்றும் சேர்ந்து 914 கன அடி வருகிறது. வெட்டியது 1404. மீதி 490 கன அடி, கட்டின் இரண்டு பக்கமும் காலியாக நிற்கும் இடம். அதை அதே மண்ணைப் போட்டுத்தானே மூட வேண்டும்?

"இருபது நடை போயிட்டா, பக்கத்துல மூடுறதுக்கு மண்ணுக்கு எங்க போவீங்க?" என்றேன்.

"கிராவல் அடிச்சுக்கலாம் சார். பேஸ்மென்ட்டுக்கும் கிராவல் வேணுமே" என்றார் மேஸ்திரி.

அங்கேதான் விஷயம். பேஸ்மென்ட் தரைக்கு மேல் 2 அடி உயரம். தளத்துக்கு அரை அடி விட்டால் ஒன்றரை அடிக்கு உள்ளே நிரப்ப வேண்டும். இரண்டு அறையின் உள் பரப்பும் சேர்ந்து 500 சதுர அடி. ஆக 750 கன அடி மண் தேவை. வானத்தில் மூடியது போக நம்மிடம் மிஞ்சும் மண் 914. தண்ணீர் விட்டு, அரை அடிக்கு ஒரு முறை திமிசு போட்டு இறுக்கினால், உப்பிய மண் ஏறக்குறைய பூமியில் இருந்த அளவுக்கே வந்துவிடும். அப்படியானால் உண்மையில் உபரி சுமார் 165 கன அடிதான். உப்பலோடு இரண்டு யூனிட். 20 நடைக்குக் காசு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி காசு கொடுத்துக் கிராவல் வாங்கி உள்ளே கொட்டப் பார்த்தார்கள்.

வாத்தியார் அப்போதே டிராக்டர்காரருக்குப் போன் போடப் போனார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்துவிட்டது.

1979-ல் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய அரசுக் குடியிருப்பு கட்டினோம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதே கணக்கைப் போட்டு, வானத்து மண்ணையே பேஸ்மென்ட்டில் நிரப்பச் சொன்னேன். கிராவல் செலவு மிச்சம் என்று மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினேன். ஐப்பசி மழை வந்தது. கரிசல் மண் தண்ணீர் குடித்து உப்பியது. அஸ்திவாரம் ஆழத்தில் இருந்ததால் சுவர் தப்பித்தது. தளம் நடுவில் புடைத்து, குறுக்கே வெடித்தது. அங்கே குடியிருந்த நர்ஸம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். கதவு தளத்தில் இடித்துத் திறக்கவில்லை. கடப்பாரையால் தளத்தைக் கொத்தித்தான் கதவைத் திறந்தோம். "இதைக் கட்டினவங்களுக்கு மண்ணைப் பத்தித் தெரியாதா தம்பி?" என்று அவர் என்னையே கேட்டார். கட்டினது நான்தான் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. பிறகு தளம் முழுவதையும் பெயர்த்து, மண்ணை அள்ளிவிட்டுக் கிராவல் போட்டோம். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவு.

அதனால் வாத்தியாரின் மனையில் குவியலைக் கிளறிப் பார்த்தேன். செம்மண், நடுவே சிறு கற்கள். ஈரம் பட்டும் கையில் பசைபோல ஒட்டவில்லை. இருந்தாலும் கண்ணை மட்டும் நம்ப மனம் வரவில்லை. ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்து வந்து காயவைத்து, பொடித்து, சலித்தேன். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சம அளவு போட்டேன். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் இருப்பது மறுநாள் அதைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அதுதான் அந்த மண்ணின் உப்பும் குணம். கரிசலானால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. டிராக்டரை ஒரு நாள் தள்ளிப் போட்டதற்குப் பலன் கிடைத்தது.

கடைசியில் வெளியே போனது இரண்டு நடை அல்ல, மூன்று. மேல்மண்ணில் வேரும் குப்பையும் பழைய ஓட்டுச் சில்லும் கலந்திருந்தன. வேர் மக்கினால் தளத்துக்குக் கீழே பள்ளம் விழும் என்று அதைத் தனியாகப் பிரித்து அனுப்பச் சொன்னேன். அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு நடை கிராவல் வாங்க வேண்டியிருந்தது. என் கணக்கும் அந்த அளவுக்குத் தப்புத்தான்.

வெட்டுக்கூலியை 1404-க்கே பேசி முடித்தார்கள். மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு மனையில் மார்க்கிங் போட்டுவிட்டு, மூலையைக் கழிப்பதா வேண்டாமா என்று எனக்குப் போன் செய்தார். "மையக் கோட்டுல அளங்க, மூலையைத் தொட வேண்டாம். முட்டுக்கு மட்டும் பாதி அகலம் கழிங்க" என்றேன். அப்புறம் மறக்காமல் கேட்டேன், "அங்க மண் என்ன நிறம் மேஸ்திரி?"